சந்தேகம் வந்த பாட்டிலை ருசி பார்க்காதீங்க... குப்பையில போடுங்க! ஏன்?

கம்பம் பள்ளத்தாக்கில் காய்கறி விலை சரியும்போதெல்லாம் பல வீடுகளில் ஒரு யோசனை எழும். பீன்ஸையும் பீட்ரூட்டையும் வேகவைத்து, உப்புத் தண்ணீரோடு பாட்டிலில் அடைத்து வைத்தால் என்ன? சின்னமனூரில் இருக்கும் என் அம்மாச்சியும் போன மாதம் இதைத்தான் கேட்டார். "கெட்டுப்போச்சுன்னா எப்படித் தெரியும்?" என்றேன். "மோந்து பாத்தா தெரியும். இல்லைன்னா நாக்கு நுனியில வச்சுப் பாத்தா போச்சு" என்றார்.

குழம்புக்கும் மாவுக்கும் இந்தச் சோதனை ஓகே. காற்றுப் புகாமல் அடைத்த காய்கறிக்கு மட்டும் இது உயிரோடு விளையாடும் வேலை.

ஒரு உருளைக்கிழங்கு சாலட்டின் கதை

அமெரிக்காவின் ஒஹையோ மாநிலம், லான்காஸ்டர். 2015 ஏப்ரல் 19, ஞாயிற்றுக்கிழமை. தேவாலயம் ஒன்றில் ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவந்து பகிர்ந்து சாப்பிட்ட விருந்தில் 77 பேர் கலந்துகொண்டார்கள். இரண்டே நாளில் பார்வை இரட்டையாகி, விழுங்க முடியாமல், மூச்சுத் திணறி ஒவ்வொருவராக மருத்துவமனைக்கு வந்தார்கள். மொத்தம் 29 பேருக்கு போட்டுலிசம். 11 பேருக்கு வென்டிலேட்டர் தேவைப்பட்டது. ஒருவர் இறந்துபோனார்.

குப்பைத்தொட்டியில் கிடந்த மிச்சத்தை எடுத்துச் சோதித்தபோது, உருளைக்கிழங்கு சாலட்டில் நஞ்சு இருந்தது. வீட்டில் பாட்டிலில் அடைத்த கிழங்கில் செய்த சாலட் அது. பாட்டில்களைக் கொதிக்கும் தண்ணீரில் வைத்துப் பதப்படுத்தியிருக்கிறார்கள். பிரஷர் கேனர் பயன்படுத்தவில்லை. தப்பு அவ்வளவுதான்.

கொதிக்க வச்சாலும் சாகாதா?

க்ளாஸ்ட்ரிடியம் போட்டுலினம் என்ற பாக்டீரியா மண்ணிலேயே இருக்கிறது. காயோடு ஒட்டிக்கொண்டு வரும் அதன் வித்துகள் 100 டிகிரியில் மணிக்கணக்கில் கொதித்தாலும் தாங்கும். தேனிப் பக்கம் நமக்கு அந்த 100 டிகிரி கூடக் கிடைக்காது. 300 மீட்டர் மேலே போனால் தண்ணீரின் கொதிநிலை சுமார் ஒரு டிகிரி குறையும். மேகமலை உயரத்தில் தண்ணீர் 95 டிகிரி அளவிலேயே கொதித்துவிடும்.

வித்துகளைக் கொல்ல 116 முதல் 121 டிகிரி வெப்பம் வேண்டும். அதுவும் பாட்டிலின் நடுப்பகுதி வரை, குறித்த நேரம் முழுக்க. நம்ம வீட்டுக் குக்கரில் நாலு விசில் விடுவது இதற்கு ஈடாகாது. அது சீக்கிரம் சூடேறி சீக்கிரம் ஆறிவிடும். உள்ளே எவ்வளவு நேரம் என்ன வெப்பம் இருந்தது என்று விசில் சொல்லாது.

பிழைத்த வித்துக்கு பாட்டில் சொர்க்கம். உள்ளே காற்று இல்லை, புளிப்பும் இல்லை. முளைத்து, நஞ்சைச் சுரக்கும். கம்பம் திராட்சை ஜூஸ் தப்பிப்பது அதன் புளிப்பால்தான். பி.ஹெச் அளவு 4.6-க்குக் கீழே போனால் இந்த வித்து வளராது. பீன்ஸ், பீட்ரூட், மொச்சை, கிழங்கு எல்லாமே அந்தக் கோட்டுக்கு மேலே இருப்பவை.

மூக்கும் நாக்கும் ஏன் உதவாது?

மூடி உப்பினாலோ, ஒழுகினாலோ, திறக்கும்போது பீய்ச்சி அடித்தாலோ அது எச்சரிக்கை. ஆனால் அப்படி எதுவும் இல்லாமலே நஞ்சு இருக்கலாம். நிறம், மணம், ருசி எதுவும் மாறாது. நாக்கு நுனியில் வைக்கும் அளவே ஆளைச் சாய்க்கப் போதும்.

"திரும்பக் கொதிக்க வச்சா நஞ்சு போயிடுமே?" என்று கேட்பவர்கள் உண்டு. உண்மைதான், வித்து மாதிரி இல்லாமல் நஞ்சு சூட்டில் சிதையும். ஆனால் திறக்கும்போது கையில் தெறித்ததை, கரண்டியில் ஒட்டியதை, நடுவில் சூடேறாத துண்டை யார் கணக்கு பார்ப்பது? சந்தேகம் வந்த பாட்டிலுக்கு இந்த வாதம் செல்லாது என்பதே என் கருத்து.

எப்படித் தூக்கிப்போடுவது?

உப்பிய பாட்டிலைத் திறக்காதீர்கள். அப்படியே பிளாஸ்டிக் பையில் போட்டு இறுக்கிக் கட்டி, இன்னொரு பையில் போட்டு குப்பையில் சேருங்கள். கழுநீர்த் தொட்டியில் மட்டும் கொட்டவே கூடாது. மாடும் கோழியும் இதே நஞ்சில் சாகும். சிந்தியிருந்தால் கையுறை போட்டு, பிளீச்சிங் கரைசலால் துடைக்க வேண்டும்.

ஏற்கெனவே சாப்பிட்டுவிட்டீர்களா? பெரும்பாலும் 12 முதல் 36 மணி நேரத்தில் இமை தொங்கும், பார்வை இரட்டையாகும், நாக்கு குழறும். காய்ச்சல் பொதுவாக இருக்காது. உடனே பெரிய மருத்துவமனைக்குப் போய், பாட்டில் காய்கறி சாப்பிட்டதை முதலிலேயே சொல்லுங்கள். நச்சுமுறிவு மருந்து மேற்கொண்டு பரவுவதைத் தடுக்கும். ஏற்கெனவே முடங்கிய நரம்பை மீட்காது. அதனால் ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம்.

இந்தியாவில் இது அபூர்வம்தான், ஆனால் வராதது இல்லை. 1996-ல் குஜராத்தில் ஒரு உறைவிடப் பள்ளியில் 34 மாணவர்கள் பாதிக்கப்பட்டு 3 பேர் இறந்தார்கள். சந்தேகம் விழுந்தது சேவு மீது.

அம்மாச்சியிடம் கடைசியில் சொன்னது இதுதான்: மிஞ்சின காயை வத்தல் போடுங்க, இல்லைன்னா ஃப்ரீசர்ல வைங்க. பாட்டில் வேணாம். கொஞ்சம் யோசித்துவிட்டு, "வத்தலே போட்டுக்கறேன், வெயிலுக்கா பஞ்சம்" என்றார்.