மூடிய கல்லூரியின் முதல்வரைத் தேடச் சொல்லும் பதிவாளருக்கு

தமிழ்நாட்டின் மாநிலப் பல்கலைக்கழகம் ஒன்றின் மதிப்பிற்குரிய பதிவாளர் அவர்களுக்கு, இலங்கையின் புத்தளம் மாவட்டக் கரையோரத்திலிருந்து எழுதப்படும் திறந்த மடல்.

இணைவிப்புப் பெற்ற கல்லூரி என்பது பாடம் நடத்தும் பொறுப்பை மட்டும் தான் ஏற்றுக்கொண்டு, பாடத்திட்டம், பரீட்சை, பட்டம் ஆகிய மூன்றையும் பல்கலைக்கழகத்திடம் விட்டுவிடும் கல்லூரி என்பதும், அது என்றாவது மூடப்பட்டால் அங்கு படித்தவர்களின் பட்டம் அதனுடன் மூடப்படுவதில்லை என்பதும் பதிவாளர் அவர்கள் அறியாதவை அல்ல. ஆகவே விதிகளை எடுத்துரைக்கும் வேலையை இம்மடல் ஏற்கவில்லை. மின்னஞ்சலும் பதிவுத் தபாலும் பயனற்றுப்போன பின்னர், ஒரே ஒரு விண்ணப்பத்துக்கு நேர்ந்ததை மட்டும் பொதுவில் வைக்கிறது.

உடப்பைச் சேர்ந்த பெண் ஒருவர் 2000களின் நடுப்பகுதியில் தமிழ்நாட்டின் சுயநிதிக் கல்லூரி ஒன்றில், அதாவது அரசின் நிதியுதவியின்றிக் கட்டணத்தில் நடக்கும் கல்லூரியில், கணினி அறிவியல் பயின்று இளநிலைப் பட்டம் பெற்றார். மாணவர் சேர்க்கை குறைந்ததால் அக்கல்லூரி பின்னர் மூடப்பட்டது. ஊர் திரும்பிய அவருக்குப் புத்தளத்தில் ஒரு நிறுவனம் வேலை தர முன்வந்து, உண்மைத்தன்மைச் சான்று ஒன்றை மட்டும் கேட்டது. பட்டச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தன் பதிவேட்டுடன் ஒத்துப்போகின்றன என்று பட்டம் வழங்கிய பல்கலைக்கழகமே எழுதித் தருவதற்குத்தான் அப்பெயர். கொழும்பிலுள்ள பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவை நாடினால், குறிப்பிட்ட வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் அங்கீகாரம் பெற்றதா என்பதை அறியலாம். இன்னாருக்கு அங்கே பட்டம் கிடைத்ததா என்ற கேள்விக்கு விடை சொல்லக்கூடிய இடம் பதிவாளரின் அலுவலகம் ஒன்றே.

நிறுவனம் அனுப்பிய மின்னஞ்சல் சுருக்கமானது. பட்டச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல் ஆகியவற்றின் நகல்கள், பதிவெண், இறுதிப் பரீட்சை நடந்த மாதமும் ஆண்டும், அவற்றின் கீழே, கல்லூரி மூடப்பட்டுவிட்டதால் இப்பட்டத்தைச் சரிபார்க்கும் வழி யாது என்ற ஒற்றைக் கேள்வி. பல வாரங்கள் கழித்து வந்த பதில், விண்ணப்பத்தைக் கல்லூரி முதல்வரின் கையொப்பத்துடன் கல்லூரி வழியாக அனுப்புமாறும், கட்டணத்தைத் தேசியமயமாக்கப்பட்ட இந்திய வங்கி ஒன்றின் வரைவோலையாக இணைக்குமாறும் பணித்தது.

வரைவோலையை மன்னித்துவிடலாம், இந்தியாவில் வங்கிக் கணக்குள்ள உறவினர் ஒருவரின் காலைப் பிடித்தால் அது கிடைத்துவிடும். முதல்வரின் கையொப்பம் அப்படிக் கிடைப்பதன்று. அந்தக் கல்லூரியின் இணைவிப்பை முடிவுக்குக் கொண்டுவந்ததே இந்தப் பல்கலைக்கழகம்தான். முதலாண்டுச் சேர்க்கையை நிறுத்தி, எஞ்சிய மாணவர்கள் படிப்பை முடிக்கும்வரை பொறுத்து, பிறகு பட்டியலிலிருந்து பெயரை நீக்கியது எந்த அலுவலகமோ, அதே அலுவலகம் இப்போது அந்த முதல்வரின் கடிதத்தை உடப்பு மீனவர் குடியிருப்பிலிருந்து எதிர்பார்க்கிறது.

கல்லூரியிடம் இருந்தவை சேர்க்கைப் பதிவேடு, வருகைப் பதிவேடு, மாற்றுச் சான்றிதழின் அடிக்கட்டை போன்றவை. பட்டத்தை மெய்ப்பிக்க இவற்றுள் ஒன்றுகூடத் தேவையில்லை. தேவையானவை இரண்டு: ஒவ்வொரு பரீட்சையின் பெறுபேறுகளும் பதிவெண் வரிசையில் தொகுக்கப்பட்ட மதிப்பெண் பேரேடு, பட்டமளிப்பு விழாவில் நேரில் வந்தோ வராமலோ பட்டம் பெற்றவர்களின் பதிவேடு. இரண்டும் பல்கலைக்கழகத்தின் கட்டடத்துக்குள்ளேயே உள்ளவை. பதிவெண்ணும் பரீட்சைக் காலமும் கையில் இருக்கும் எழுத்தர் ஒருவர் சரியான பேரேட்டை எடுத்துச் சரியான பக்கத்தைப் புரட்டினால் வேலை முடிந்தது.

போலிப் பட்டங்கள் நடமாடும் காலத்தில் அலுவலகம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்பதில் மறுப்பில்லை. ஆனால் இந்த எச்சரிக்கை பிடித்திருக்கும் திசையைப் பாருங்கள். மூடப்பட்ட கல்லூரியின் கடிதத் தலைப்பையும் ரப்பர் முத்திரையையும் செய்துகொடுக்க ஒரு சிறிய அச்சகம் போதும். அக்கடிதத்தை மறுக்கவும் அங்கே ஆளில்லை. தன் பேரேட்டை நம்பாமல் அந்தக் கடிதத்தை நம்புவேன் என்று சொல்லும் அலுவலகம், நேர்மையானவரை வாசலில் நிறுத்திவிட்டு, மோசடிக்காரருக்கு முத்திரை எங்கே செய்யலாம் என்று வழிகாட்டுகிறது.

முதல்வர் இல்லை என்பது மீண்டும் விளக்கப்பட்டபோது வந்த இரண்டாவது பதில் இன்னும் விசித்திரமானது: அப்படி ஒரு பெயர் காணப்படவில்லையாம். நடந்தது எளிதில் ஊகிக்கத்தக்கது. தமிழ்நாட்டுச் சான்றிதழில் அப்பெண்ணின் பெயர் தந்தையின் முதலெழுத்தோடு அச்சாகியிருக்கிறது. இலங்கைத் தேசிய அடையாள அட்டையிலோ தந்தையின் பெயர் முழுவதுமாக முன்னே நிற்க, அவருடைய பெயர் கடைசியில் வருகிறது. நிறுவனத்தின் கடிதத்தில் அடையாள அட்டைப் பெயர் இருந்தது; இணைப்பில் சான்றிதழின் நகலும் பதிவெண்ணும் இருந்தன. இணைப்பைத் திறக்காமல் கடிதத்திலுள்ள பெயரை மட்டும் கணினியில் தட்டித் தேடியவருக்கு யாரும் அகப்படவில்லை. பெயர்கள் குழம்பும் என்பதற்காகத்தானே ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு பதிவெண்ணைப் பல்கலைக்கழகம் கொடுத்தது? ஒருவரின் பட்டம் பொய்யோ என்று முதலாளி ஐயுறுவதற்கு அந்த ஒரு வரி போதும் என்பதை எழுதியவர் எண்ணிப் பார்த்தாரா?

இந்திய அரசின் டிஜிலாக்கரில் பார்க்கலாமே என்று தொலைபேசியில் ஒரு யோசனையும் சொல்லப்பட்டது. அந்த மின்னணுப் பெட்டகம் ஆதார் எண்ணையும் அதனோடு இணைந்த கைத்தொலைபேசி எண்ணையும் சார்ந்தது. இலங்கைக் குடிமகளிடம் ஆதார் கேட்பதற்கு முதல்வரையே கேட்டுக்கொண்டிருக்கலாம்.

நிறுவனங்கள் மறைவது எங்கும் நடப்பது. புத்தளம் அடங்கிய வடமேல் மாகாணத்தில் 1991இல் தொடங்கிய இணைந்த பல்கலைக்கழகக் கல்லூரி சில ஆண்டுகளில் ரஜரட்ட பல்கலைக்கழகத்துக்குள் அடங்கி, 1999இல் அங்கிருந்து பிரிந்து வயம்ப பல்கலைக்கழகமாயிற்று. பதிவாளரின் மாநிலத்திலேயே 2007இல் அண்ணா பல்கலைக்கழகம் பிரிக்கப்பட்டுக் கோயம்புத்தூர், திருச்சிராப்பள்ளி, திருநெல்வேலி ஆகிய பெயர்களில் தனிப் பல்கலைக்கழகங்கள் தோன்றின. பின்னர் மதுரையும் சேர்ந்தது. 2012இல் அவை யாவும் மீண்டும் ஒன்றாக்கப்பட்டன. அந்தச் சில ஆண்டுகளில் பட்டம் பெற்றவர்களின் கைகளில் இன்று இல்லாத பல்கலைக்கழகங்களின் பெயர் பொறித்த சான்றிதழ்கள் உள்ளன. அங்கே பட்டம் வழங்கிய நிறுவனமே கலைந்துபோயிருந்தும், பதில் சொல்லும் கடமை வாரிசுக்கு வந்து சேர்ந்தது. இங்கே மறைந்தது பாடம் நடத்திய கட்டடம் மட்டுமே. பட்டம் வழங்கிய பல்கலைக்கழகம் பெயர்ப்பலகையோடும், பதிவாளரோடும், ஆண்டுதோறும் பட்டமளிப்பு விழாவோடும் நன்றாகவே இருக்கிறது.

சலுகை எதுவும் கேட்கப்படவில்லை. பேரேட்டில் அந்தப் பதிவெண் இல்லையெனில் இல்லை என்று எழுதட்டும். அந்தப் பெண்ணும் அதைத்தான் கேட்கிறார். இருக்குமாயின், கட்டணத்தை வெளிநாட்டிலிருந்து செலுத்தும் வழியைச் சொல்லிவிட்டு, ஆம் என்று ஒரு வரி எழுத எவருடைய பரிந்துரை வேண்டும்? அந்த வரியைப் பட்டதாரிக்கு அனுப்பாமல், பல்கலைக்கழகத்தின் அலுவல் முகவரியிலிருந்து நேரே நிறுவனத்துக்கு அனுப்ப வேண்டும். பட்டதாரியின் கை பட்டு வரும் கடிதத்தைப் புத்தளத்தில் ஏற்கமாட்டார்கள். இந்தத் தடவையாவது இணைப்பைத் திறந்து பார்க்கவும்.