‘ஒத்துக்கிட்டுத்தானே வேலைக்கு வந்தே?’: பாக்கிச் சம்பளத்துக்கு இது பதில் அல்ல

விளாங்குடியில் ஒரு கடையில் வேலை பார்ப்பவர், தனக்கு அரசு நிர்ணயித்த சம்பளத்தைவிடக் குறைவாகத் தருகிறார்கள் என்று ஒன்றரை வருஷம் கழித்துத் தெரிந்துகொள்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கேட்டால் முதலாளி சொல்லும் முதல் வார்த்தை, “ஒத்துக்கிட்டுத்தானே சேர்ந்தே?”

சட்டத்தில் இந்தக் கேள்விக்கு இடமே இல்லை. குறைந்தபட்ச ஊதியத்துக்கும் கீழே கொடுத்து வேலை வாங்குவது கட்டாய உழைப்புதான் என்று 1982-லேயே, ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர்கள் வழக்கில், உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பாக்கியை விட்டுக்கொடுப்பதாக எழுதி வாங்கினாலும் அது செல்லாது.

பாக்கி எப்படி ஏறுகிறது? தமிழ்நாட்டில் குறைந்தபட்ச ஊதியம் என்பது அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்தது. அகவிலைப்படி வருஷா வருஷம் ஏப்ரலில் மாறும். பலர் கோட்டைவிடுவது இங்கேதான். நம்ம கடைக்காரர் மாசம் 2,400 ரூபாய் குறைத்துத் தந்தார். 12 மாதத்தில் 28,800. ஏப்ரலில் அகவிலைப்படி 300 ஏறியது, சம்பளம் ஏறவில்லை. அடுத்த 6 மாதத்துக்கு 2,700 வீதம் 16,200. மொத்தம் 45,000 ரூபாய்.

கர்நாடகாவில் நடந்ததும் இதுதான். 2020 ஏப்ரலில் ஆயத்த ஆடைத் தொழிலாளர்களுக்கு மாதம் 417.60 ரூபாய் அகவிலைப்படி ஏற வேண்டியிருந்தது. மாநில அரசு அதைத் தள்ளிவைத்தது. அந்த உத்தரவுக்கு 2020 செப்டம்பரில் உயர் நீதிமன்றம் தடை விதித்த பிறகும் பல ஆலைகள் தரவில்லை. வருஷத்துக்கு ஒருவருக்கு 5,000 ரூபாய்க்கு மேல்; பாதிக்கப்பட்டவர்களோ லட்சக்கணக்கில். தொழிற்சங்கங்களும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்புகளும் நெருக்கிய பிறகு, 2022-ல்தான் பெரிய நிறுவனம் ஒன்று பாக்கியைத் தர ஒப்புக்கொண்டது.

தனி ஆளுக்கு வழி என்ன? 1948-ம் வருஷச் சட்டத்தில் 6 மாதத்துக்குள் மனு போட வேண்டும். 2025 நவம்பர் 21-ல் அமலுக்கு வந்த ஊதியச் சட்டத்தொகுப்பு அதை 3 வருஷமாக நீட்டியிருக்கிறது. மனுவைத் தொழிலாளரே போடலாம், சங்கமும் போடலாம். விசாரிக்கும் அதிகாரி, பாக்கியோடு அதைப்போல 10 மடங்கு வரை இழப்பீடும் தரச் சொல்லலாம். ‘கொடுத்துவிட்டேன்’ என்று நிரூபிக்க வேண்டியது முதலாளியின் பொறுப்பு.

ஆனால் அங்கே வேலை பார்த்ததைக் காட்டும் ஆதாரம் தொழிலாளர் கையில் இருக்க வேண்டும். சம்பளம் ரொக்கமாக வந்தால் இங்கேதான் சிக்கல். தேதி, தொகை, வேலை நேரத்தை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். ஷிப்ட் மாற்றம் பற்றிய வாட்ஸ்அப் மெசேஜை அழிக்காதீங்க. 2025 நவம்பருக்கு முந்தைய மாதங்கள் என்றால் எந்தக் காலவரம்பு என்று வாதம் வரலாம். அதனால் 3 வருஷம் இருக்கே என்று காத்திருக்க வேண்டாம்.

பாக்கியைக் கேட்பது நன்றிகெட்டதனம் இல்லை. அந்த 45,000 ரூபாய், தொழிலாளி தெரியாமலேயே கொடுத்த வட்டியில்லாக் கடன். கடனைத் திருப்பிக் கேட்க யாரும் கூச்சப்பட வேண்டியதில்லை.