பாதத்தில் தடித்ததெல்லாம் ஆணி அல்ல

அந்தமானில் பெரார்கஞ்ச் பக்கத்துப் பாக்குத் தோப்புகளில் வேலை செய்கிறவர் உள்ளங்காலில் ஒரு தடிப்பைக் காட்டினால், சுற்றியிருப்பவர்கள் சொல்வது ஒன்றுதான்: “ஆணி. வேரோட தோண்டி எடுத்துடு.” பிளேடு வரும், இல்லையென்றால் மருந்துக் கடையிலிருந்து ஆணிப் பட்டை வரும். இந்தத் தீர்ப்பில் அடங்கியிருக்கும் தவறுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கவேண்டும். அவற்றுக்கு விலை கொடுப்பது தினம் நடந்து பிழைக்கிறவரின் கால்.

தடிப்பெல்லாம் ஒன்றே என்பது முதல் தவறு. வெறுங்காலோடு நடக்கும்போது எடை விழும் இடத்தில் தோல் பரவலாகத் தடிப்பது காய்ப்பு. அதே அழுத்தம் ஒரு சிறு புள்ளியில் குவிந்தால் தடித்த தோல் கூம்பாகி உள்நோக்கி இறங்கும், அதுதான் ஆணி. பாதமரு இவற்றோடு சேராது. அது பாப்பிலோமா வைரஸ் தொற்று. ஊறி வெளுத்த தோலில் உள்ள கண்ணுக்குத் தெரியாத கீறல் வழியாக நுழைகிறது. மே முதல் டிசம்பர் வரை மழை பெய்யும் அந்தமானில் பாதம் காய்வதே அரிது, கீறலுக்கும் குறைவிருக்காது.

பார்த்துப் பிரிக்க முடியாது என்பார்கள். முடியும். காலை வெந்நீரில் 10 நிமிடம் ஊறவைத்து, நுரைக்கல்லால் மேல்தோலை இலேசாகத் தேய்த்துவிட்டு, பகல் வெளிச்சத்தில் பாருங்கள். விரல்நுனியில் இருப்பதுபோல உள்ளங்காலிலும் ரேகைகள் உண்டு. காய்ப்பின்மேல் அந்த ரேகைகள் அறுபடாமல் ஓடும். ஆணியில் மேல்தோலைச் சீவியபின் நடுவே மஞ்சள் சாயலில் கண்ணாடி போன்ற கெட்டியான கரு தெரியும்; அந்தக் கருவில் மட்டும் ரேகை இராது. மருவில், ஓடையில் கிடக்கும் கல்லைச் சுற்றி நீர் விலகுவதுபோல, ரேகைகள் விளிம்புவரை வந்து ஒதுங்கிப் போகும்.

ஒரே காலில் மூன்றும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். குதிகால் விளிம்பில் அகலமான தடிப்பு, ரேகை தெளிவு, அழுத்தினால் பெரிதாக வலியில்லை: காய்ப்பு. சுண்டுவிரலின் அடியில் மிளகளவுப் புள்ளி. கட்டைவிரலால் நேராக அழுத்தினால் சுருக்கென்று வலிக்கிறது, பக்கவாட்டில் கிள்ளினால் அவ்வளவு இல்லை: ஆணி. எடையே விழாத உள்வளைவில் ஒரு முண்டு. கிள்ளினால் வலி அதிகம், ரேகை ஒதுங்குகிறது: மரு. ஆனால் மரு எடை விழும் இடத்தில் இருந்தால் நேராக அழுத்தும்போதும் வலிக்கும். அதனால் வலியை மட்டும் நம்பக்கூடாது. நான் முதலில் ரேகையைத்தான் பார்க்கச் சொல்வேன்.

மருவில் தெரியும் கரும்புள்ளிகளை வேர் என்றும், உள்ளே ஒடிந்த முள் என்றும் சொல்வதுதான் பெரிய தீங்கு. அவை இரத்தம் உறைந்து அடைபட்ட நுண்குழாய்கள். மேலே சீவினால் பொட்டுப் பொட்டாக இரத்தம் கசியும். மருவுக்கு வேரே கிடையாது. அது மேல்தோலைத் தாண்டி இறங்குவதில்லை. தோண்டுகிறவர் அதற்கும் கீழே உள்ள தோலை வெட்டுகிறார். அங்கே விழும் தழும்பு, மரு போன பிறகும் அடிக்கு அடி வலிக்கக்கூடும். அதே பிளேடு அடுத்த காலுக்குப் போனால் வைரஸும் கூடவே போகும்.

பட்டை எல்லாவற்றையும் தீர்க்கும் என்பதும் சரியல்ல. அதில் இருப்பது சாலிசிலிக் அமிலம், வழக்கமாக 40 சதவீதம். ஆணியின் கருவை அது இளக்கும். அழுத்தம் மாறாவிட்டால் ஆணி திரும்ப வரும். சரியான அளவுச் செருப்பும் அந்த இடத்துக்கு எடை விழாதபடி வைக்கும் மெத்தையும்தான் அதற்கு வைத்தியம். மருவுக்கும் இதே அமிலம் பயன்படும், ஆனால் பொறுமை வேண்டும். 2011இல் பிரிட்டனில் வெளியான ஒரு பெரிய ஆய்வில் 50 சதவீத அமிலம் பூசியவர்களிலும், உறையவைக்கும் சிகிச்சை பெற்றவர்களிலும் 12 வாரத்தில் முழுக்க நீங்கியது சுமார் 14 சதவீதம் பேருக்கு மட்டுமே. குழந்தைகளுக்குப் பெரும்பாலும் ஓரிரு ஆண்டுகளில் தானாகவே போய்விடும். மரு போனதற்கு அடையாளம், ஒதுங்கிய ரேகைகள் அந்த இடத்தில் மறுபடி ஒழுங்காக ஓடுவது. அதுவரை மருந்தை நிறுத்தக்கூடாது.

சர்க்கரை நோயாளிகளும், தொழுநோயால் பாதம் மரத்தவர்களும் பட்டையையும் பிளேடையும் தொடவே கூடாது. அமிலம் சுட்டதே தெரியாமல் புண்ணாகிவிடும். அவர்கள் ஒரு சிறு காய்ப்பைக்கூட மருத்துவரிடம் காட்டிச் சீவிக்கொள்வதே சரி. உள்ளங்காலில் வலியில்லாமல் பரவும் கறுப்புத் திட்டு, ஒழுங்கற்ற ஓரம், ஆறாத கசிவு ஆகியவற்றில் எது இருந்தாலும் தோல் மருத்துவரிடம் உடனே போகவேண்டும். அது மெலனோமா என்ற தோல் புற்றாக இருக்கலாம். சிறு துண்டெடுத்துப் பரிசோதித்துத்தான் உறுதி செய்வார்கள்.