நடுவில் இருப்பவர் மட்டும்தான் படமா?

நம் வயதுக்காரர்கள் பலரும் இப்போது பழைய புகைப்படங்களை எடுத்துக் கைப்பேசியில் 'ஸ்டேட்டஸ்' வைக்கிறார்கள். பேரப்பிள்ளைகள் அதையே இரண்டு பாட்டு சேர்த்துக் குறும்படமாக்கி 'ஸ்டோரி' என்கிறார்கள். நல்ல பழக்கம்தான். அதில் எனக்கு ஒரே ஒரு மனக்குறை உண்டு. அகலமான படத்தை அந்த நெட்டைச் சட்டத்துக்குள் திணிக்கும்போது ஓரத்தில் நிற்பவர்கள் காணாமல் போகிறார்கள். யார் காணாமல் போகிறார்கள் என்று யாரும் கவனிப்பதும் இல்லை.

முதலில் கணக்கைப் பார்ப்போம். கைப்பேசியை நிமிர்த்திப் பிடித்தால் வரும் சட்டத்தின் அளவு 9:16. அகலம் ஒன்பது பங்கு என்றால் உயரம் பதினாறு பங்கு. நம் வீடுகளில் மாட்டியிருக்கும் குழுப் படம் இதற்கு நேர் எதிர். 12 அங்குல அகலம், 8 அங்குல உயரம் உள்ள ஒரு படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் முழு உயரத்தையும் வைத்துக்கொண்டு 9:16 சட்டம் போட்டால், அகலத்தில் நாலரை அங்குலம்தான் உள்ளே வரும். மீதி ஏழரை அங்குலம் வெளியே போய்விடும். எட்டில் மூன்று பங்கு மிஞ்சுகிறது, எட்டில் ஐந்து பங்கு போகிறது.

எந்தப் பங்கு மிஞ்சுகிறது என்பதுதான் விஷயம். நாம் ஒன்றும் சொல்லாமல் படத்தைத் திரை நிறைய வைக்கச் சொன்னால், பெரும்பாலான செயலிகள் நடுப்பகுதியை வைத்துக்கொண்டு இரண்டு பக்கத்தையும் சமமாக வெட்டிவிடும். இயந்திரத்துக்கு அது நியாயமாகத் தெரியலாம். ஆனால் நம் ஊரில் குழுப் படம் எப்படி எடுத்தார்கள் என்று நினைத்துப் பாருங்கள். நடு நாற்காலியில் அதிகாரி. அவருக்கு இரு பக்கமும் அடுத்த பதவிக்காரர்கள். பின் வரிசையில் குமாஸ்தாக்கள். வரிசையின் இரண்டு கோடியிலும் பியூன், டிரைவர், தோட்டக்காரர். கல்யாணப் படத்திலும் அப்படித்தான். தாலி அறுத்த பாட்டி கடைசி ஓரத்தில் பாதி மறைந்து நிற்பார். அன்றைக்கு ஓரத்தில் நிறுத்தப்பட்டவர்களை இன்றைக்கு இயந்திரம் படத்தை விட்டே வெளியே அனுப்பிவிடுகிறது.

பிரெஞ்சில் 'ஓர் ஷான்' என்று ஒரு சொல் உண்டு. சினிமாக்காரர்கள் அதிகம் சொல்வார்கள். சட்டத்துக்கு வெளியே இருப்பது, கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் கதையில் இருப்பது என்று பொருள். வெட்டின படத்தில் யாரோ ஒருவரின் தோளில் ஒரு தனிக்கை மட்டும் தொங்கும், கைக்குரியவர் இருக்க மாட்டார். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்தச் சொல் ஞாபகம் வரும்.

எங்கள் அலுவலகத்தில் பியூனாக இருந்த ஒருவர் போன வருஷம் காலமானார். அவர் சீருடையில் இருக்கும் படம் ஒன்றே ஒன்றுதான். 1987இல் ஒரு மேலதிகாரியின் பணி ஓய்வின்போது எடுத்த குழுப் படம். காரியத்தன்று ஸ்டோரி போடுவதற்காக அவருடைய பேத்தி அந்தப் படத்தைச் செயலியில் ஏற்றியிருக்கிறாள். திரையில் பளிச்சென்று மேலதிகாரி மாலையோடு உட்கார்ந்திருக்கிறார். "தாத்தாவையே காணோம் சார்" என்று கைப்பேசியோடு வந்து நின்றாள்.

அந்தப் படத்தை வைத்தே வழியைச் சொல்கிறேன். அதுவும் 12க்கு 8 அங்குலம்தான். அவர் நின்றது பின் வரிசையின் இடது கோடியில். அவர் முகத்தின் நடு, படத்தின் இடது விளிம்பிலிருந்து 1.2 அங்குலத்தில் இருந்தது. கைப்பேசியைத் தொடுவதற்கு முன்னால் ஒரு பழைய காலண்டர் அட்டையில் ஜன்னல் வெட்டிக்கொண்டோம். இதை நீங்களும் செய்யலாம். 9:16 விகிதத்தில் எந்த அளவானாலும் சரி. அட்டை ஜன்னலைப் படத்தின் மேல் நகர்த்திப் பார்த்தால், எது உள்ளே வரும், எது வராது என்று கண் உடனே சொல்லிவிடும்.

முழு உயர ஜன்னலை, அதாவது நாலரைக்கு எட்டை, இடது ஓரத்தில் வைத்தோம். அவர் வந்துவிட்டார். ஆனால் கூடவே மூன்று பேரும் வந்தார்கள், மேலே ஓட்டுக் கூரையும் கீழே வெறும் தரையும் வந்தன. அவரோ சட்டத்தின் இடது கரையில் ஒதுங்கி நின்றார். படத்தின் விளிம்பைத் தாண்டி ஜன்னல் போக முடியாது. ஆகவே ஓரத்தில் நிற்பவரை நடுவுக்குக் கொண்டுவர ஒரே வழி, ஜன்னலைச் சின்னதாக்குவதுதான்.

அவர் 1.2 அங்குலத்தில் நிற்பதால், 2.4 அங்குல அகல ஜன்னலில் அவர் சரி நடுவில் வருவார். வைத்துப் பார்த்தோம். வந்தார். ஆனால் வலது விளிம்பில் அடுத்த ஆளின் பாதி முகம், ஒற்றைக் கண்ணோடு எட்டிப் பார்த்தது. இது கூடாது. பக்கத்து ஆளின் பாதித் தோள் இருக்கலாம், பார்ப்பவர் பொருட்படுத்த மாட்டார். பாதி முகம் இருந்தால் பார்ப்பவரின் கண் அங்கேயே போகும். முகத்தை முழுசாகச் சேர்க்க வேண்டும், அல்லது முழுசாக விட வேண்டும்.

அதனால் ஜன்னலை இன்னும் குறுக்கி 1.8 அங்குல அகலம், 3.2 அங்குல உயரம் ஆக்கினோம். பக்கத்து முகம் வெளியே போயிற்று, தோள் மட்டும் நின்றது. இனி மேலும் கீழும் எங்கே வெட்டுவது என்ற கேள்வி. ஸ்டோரி திரையில் மேலே பெயரும் கீழே பதில் எழுதும் கட்டமும் வந்து படத்தை மறைக்கும். மேலே ஏழில் ஒரு பங்கும் கீழே ஐந்தில் ஒரு பங்கும் நமக்கில்லை என்று ஒதுக்கிவிடுவது நல்லது. 3.2 அங்குலத்தில் அது மேலே அரை அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு, கீழே அரை அங்குலத்துக்குச் சற்று அதிகம். அவர் தலைமுடி அந்த மேல்கோட்டுக்குக் கீழே வரும்படி ஜன்னலை வைத்தோம். இடுப்பு வாரில் இருந்த பித்தளை வில்லை, மறைக்கும் கட்டத்துக்கு மேலேயே நின்றது. அந்த வில்லை அவசியம் தெரிய வேண்டும் என்பதுதான் பேத்தியின் ஆசை. கீழ்விளிம்பு முழங்காலுக்குச் சற்று மேலே தொடையில் வெட்டியது. மூட்டிலோ மணிக்கட்டிலோ கழுத்திலோ வெட்டினால் ஆள் ஊனப்பட்டது போலத் தெரியும். மூட்டுக்கு மேலோ கீழோ வெட்டினால் தெரியாது.

அவர் நேராகக் கேமராவைப் பார்த்தார், அதனால் நடுவில் வைத்தோம். பக்கவாட்டில் பார்ப்பவராக இருந்தால், அவர் பார்க்கும் திசையில் கொஞ்சம் கூடுதல் இடம் விட வேண்டும். இல்லாவிட்டால் சுவரில் முட்டிக்கொண்டு நிற்பது போல இருக்கும்.

இப்படிச் சின்ன ஜன்னலாக வெட்டினால் படம் மங்கிவிடாதா என்று கேட்பீர்கள். மங்கும். அதற்கும் கணக்கு உண்டு. ஸ்டோரி திரைக்குப் படத்தின் அகலத்தில் 1080 புள்ளிகள் வேண்டும். கடையில் வழக்கமாக அங்குலத்துக்கு 300 புள்ளி வைத்து ஸ்கேன் செய்து தருவார்கள். நம் 1.8 அங்குல ஜன்னலில் அது 540 புள்ளிதான், பாதி. திரையில் இழுத்துப் பெரிதாக்கும்போது முகம் சோப்புத் தண்ணீரில் கரைந்தது போல ஆகிவிடும். அங்குலத்துக்கு 600 புள்ளி என்று சொல்லி ஸ்கேன் எடுக்கச் சொன்னோம். 1.8ஐ 600ஆல் பெருக்கினால் சரியாக 1080. ஸ்கேனர் கிடைக்காதவர்கள், முழுப் படத்தையும் கைப்பேசியில் எடுத்துப் பிறகு வெட்டாமல், கிட்டே போய் அந்த ஓரத்தை மட்டும் படம் பிடித்தால் போதும். கண்ணாடிச் சட்டத்தைக் கழற்றிவிட்டு, பகல் வெளிச்சத்தில், கைப்பேசியைப் படத்துக்கு நேராகப் பிடிக்க வேண்டும். சாய்ந்தால் மனிதரும் சாய்வார்.

ஸ்கேனைக் கைப்பேசியில் திறந்து, வெட்டும் பகுதியில் 9:16 என்ற விகிதத்தைத் தேர்ந்தெடுத்து, அட்டை ஜன்னல் காட்டிய இடத்துக்கே சட்டத்தை இழுத்து வைத்தாள். வெட்டியதைத் தனிப் பிரதியாகச் சேமித்தாள். மூலப் படம் அப்படியே இருக்கிறது. மூலத்தின் மேலேயே சேமித்திருந்தால் மற்ற எல்லோரும் ஒரே நொடியில் போயிருப்பார்கள்.

இங்கே என் கருத்தைச் சொல்ல வேண்டும். இத்தனை பாடுபட்டு ஓரத்து மனிதரை நடுவுக்குக் கொண்டுவந்தோமே, இப்போது வெட்டுப்பட்டவர்கள் மற்றவர்கள் அல்லவா? ஆமாம். அதனால்தான் வெட்டிய படத்தை மட்டும் காட்டுவது போதாது என்கிறேன். முதலில் முழுப் படத்தையும் அகலத்துக்குப் பொருத்தி, மேலும் கீழும் கறுப்பாக விட்டு, மூன்று நொடி காட்டுங்கள். மறைந்த இடத்தை நிரப்ப அதே படத்தைக் கலங்கலாகப் பின்னால் போடுகிறார்கள். அது வேண்டாம், கண்ணைக் கெடுக்கும். முழுப் படத்தில் ஒவ்வொரு முகமும் கைப்பேசித் திரையில் இரண்டு மில்லிமீட்டருக்குச் சற்று அதிகமாகத்தான் இருக்கும். அடையாளம் தெரியாதுதான். ஆனால் எத்தனை பேர் நின்றார்கள், இவர் எங்கே நின்றார் என்பது தெரியும். அதன் பிறகு வெட்டிய படம் வந்தால், பார்ப்பவருக்கு அர்த்தம் புரியும்.

படத்தை இடமிருந்து வலமாக ஓடவிடுவதும் ஒரு வழி. நாலரை அங்குல ஜன்னல் 12 அங்குலப் படத்தின் மேல் பத்து நொடியில் நகர்கிறது என்று வையுங்கள். நடுவில் இருக்கும் அதிகாரி ஆறு நொடி தெரிவார். இடது கோடியில் நிற்கும் நம் ஆளோ ஒன்றரை நொடியில் வெளியே போய்விடுவார். ஓட்டத்திலும் ஓரத்தாருக்குத்தான் நஷ்டம். புறப்படும் இடத்திலும் முடியும் இடத்திலும் மூன்று மூன்று நொடி நிறுத்தினால் இந்தக் குறை பெரும்பாலும் தீரும்.

நெட்டைச் சட்டத்தின் மேல் எனக்குக் கோபமில்லை. 1854இல் பாரிசில் திஸ்தேரி என்பவர் காப்புரிமை வாங்கிய சின்னச் சீட்டுப் படமும் பெரும்பாலும் நெட்டைதான். ஒரே ஆள் நிற்பதற்கு அந்த வடிவம் அருமையாகப் பொருந்தும். வரிசைக்குத்தான் பொருந்தாது. ஆகவே வெட்டுவதற்கு முன் ஒரு கேள்விதான் கேட்க வேண்டும்: இந்தப் படத்தை யாருக்காக வைக்கிறேன்? அதற்குப் பதில் தெரிந்தவர் நாம்தான், செயலி அல்ல. அது நடுவைத்தான் பிடிக்கும். சட்டத்தைப் பிடித்து ஓரத்துக்கு இழுக்கும் விரல் நம்முடையதாக இருக்க வேண்டும்.