நகைக்கடன் வட்டி: நாள் கணக்கா, மாதக் கணக்கா?

கேள்வி: ஜூன் 10-ல் நகையை வைத்து 9 சதவிகித வட்டிக்கு ஒரு லட்சம் வாங்கி, டிசம்பர் 10-ல் மீட்டேன். வட்டி 4,575 ரூபாய் எடுத்திருக்கிறார்கள். ஆறு மாதத்துக்கு 4,500 தானே வரும்?

பதில்: நீங்கள் சொல்வது மாதத்துக்கு 30 நாள், வருடத்துக்கு 360 நாள் என்ற கணக்கு. வருட வட்டி 9,000 ரூபாய். அதை 180-ஆல் பெருக்கி 360-ஆல் வகுத்தால் 4,500 வரும்.

உண்மையான நாள் கணக்கு வேறு. பணம் வாங்கிய நாளைச் சேர்த்து, கட்டிய நாளை விட்டுவிட்டு எண்ணுங்கள். ஜூனில் 21, ஜூலை 31, ஆகஸ்ட் 31, செப்டம்பர் 30, அக்டோபர் 31, நவம்பர் 30, டிசம்பரில் 9. மொத்தம் 183 நாள். 9,000-ஐ 183-ஆல் பெருக்கி 365-ஆல் வகுத்தால் 4,512 ரூபாய். இந்த 12 ரூபாய் வித்தியாசம் தவறல்ல.

உங்களிடம் 4,575 எப்படி வந்தது? நாளை 183 என்று எண்ணிவிட்டு, வகுக்கும்போது மட்டும் 360 போட்டிருக்கிறார்கள். இப்படிப் போட்டால் முழு வருடத்துக்கு 9,000-க்குப் பதில் 9,125 ஆகிவிடும்.

கடன் ஒப்பந்தத்தில் வட்டி கணக்கிடும் முறையைப் பாருங்கள். 365 நாள் என்றிருந்தால், கூடுதலான 63 ரூபாயைத் திருப்பித் தரும்படி, கணக்கையும் எழுதி மேலாளரிடம் மனு கொடுங்கள். மனுவின் நகலில் தேதியுடன் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.