முட்டி வலி என்று மட்டும் சொல்லாதீர்கள்

பலதுறைத் தொழிற்கல்லூரியில் முதலாண்டு படித்தபோது, ஒரு சனிக்கிழமை மாலை காற்பந்துப் பயிற்சியில் என் இடது முழங்கால் திருகிக்கொண்டது. கால் தரையில் ஊன்றியிருக்க, உடல் மட்டும் திரும்பியது. 'டப்' என்று ஒரு சத்தம். இரவுக்குள் முட்டி வீங்கிவிட்டது.

திங்கட்கிழமை மருந்தகத்தில் நான் சொன்னது, "டாக்டர், முட்டி வலிக்குது, ஃபுட்பால் ஆடுவேன்" என்பது மட்டுமே. அவரும் அதையே எழுதினார். மூன்று வாரம் கழித்து எம்ஆர்ஐ ஸ்கேனில் ஏசிஎல் தசைநார் கிழிந்திருப்பது தெரிந்தது. மாணவர் விபத்துக் காப்புறுதிக்கு விண்ணப்பித்தேன். "இது விபத்தா, நாள்பட்ட தேய்மானமா?" என்று நிறுவனம் கேட்டுக் கடிதம் அனுப்பியது.

எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் அந்தக் கேள்வியில் தவறில்லை. விபத்துக் காப்புறுதி, திடீரென நேர்ந்த காயத்துக்குத்தான் பணம் தரும். என் மருத்துவக் குறிப்பில் நாளும் இல்லை, நடந்த விதமும் இல்லை. சத்தம் கேட்டதையும், சில மணி நேரத்தில் வீங்கியதையும் நான் சொல்லியிருந்தால், அவையே புதுக் காயத்துக்கான அடையாளங்களாகப் பதிவாகியிருக்கும்.

பழைய குறிப்பைத் திருத்தும்படி மருத்துவரிடம் கேட்கக்கூடாது; கேட்டாலும் அவர் செய்யமாட்டார். அன்றைய தேதியிட்டு ஒரு கூடுதல் குறிப்பு எழுதித் தரக் கேட்டேன். பயிற்றுநர் வருகைப் பதிவேட்டின் நகலைத் தந்தார். அன்றிரவு குழுவுக்கு நான் அனுப்பிய வீங்கிய முட்டியின் படம், நேரத்தோடு கைப்பேசியில் இருந்தது. (நண்பர்கள் அதற்குச் சிரிப்புப் பொம்மைகள் போட்டிருந்தார்கள், அது வேறு கதை.)

இன்னொரு சிக்கல்: உயர்நிலை மூன்றில் அதே முட்டி ஒருமுறை சுளுக்கியிருந்தது. மறைத்துவிடலாமா என்று நினைத்தேன். "பழைய மருத்துவப் பதிவுகளைக் கேட்டு வாங்குவாங்க தம்பி. மறைச்சது தெரிஞ்சா மொத்தமும் போயிடும்," என்றார் பயிற்றுநர். அதனால் "பழைய காயம் திரும்பியது" என்றும் எழுதவில்லை. அது என் ஊகம், அதைச் சொல்ல வேண்டியவர் மருத்துவர். இப்படி எழுதினேன்: "ஈராண்டுக்கு முன் இதே முட்டியில் சுளுக்கு. இரண்டு வாரம் ஓய்வு. அதன் பிறகு சிகிச்சை எதுவுமின்றி, விபத்து நாள்வரை தொடர்ந்து விளையாடினேன்."

நான்கு மாதம் இழுத்துப் பணம் வந்தது. என் காப்புறுதியில் விபத்தை 30 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்ற விதி இருந்தது. ஸ்கேன் முடிவு வந்த மறுநாளே படிவம் கொடுத்ததால் தப்பித்தேன். முடிவுக்குக்கூடக் காத்திருக்கத் தேவையில்லை, முதலில் தகவல் சொல்லிவிட்டு ஆவணங்களைப் பிறகு சேர்க்கலாம் என்று அப்போது எனக்குத் தெரியாது.

இணைப்பாட நடவடிக்கைக் குழுக்கள் இதை மாணவன் தலையில் மட்டும் கட்டுவது சரியில்லை என்பது என் கருத்து. முதலுதவிப் பெட்டிக்குள் ஒரு குறிப்பேடு இருக்கட்டும். யார், எப்போது, எந்தக் கால், எப்படி விழுந்தார், யார் பார்த்தார் என்று அங்கேயே ஐந்து வரி எழுதி, பார்த்தவர் கையெழுத்திடட்டும். எங்கள் குழுவில் இப்போது அந்த வேலை என்னுடையது.