கடனுக்குப் போகும் அரிசிக்கு வேறு விலை

"மூணு மாசத்துல பணத்தைக் கொடுத்துடறோம்ணே" என்று சொல்லி அரிசியை ஏற்றிக்கொண்டு போகிற கடைக்காரர் நம்மிடம் இரண்டு சாமான் வாங்கிப் போகிறார். ஒன்று அரிசி, இன்னொன்று கடன். அரிசிக்கு விலை பேசுகிறோம். கிலோவுக்கு ஒரு ரூபாய் ஏற்ற இறக்கத்துக்கு அரைமணி நேரம் இழுபறி நடக்கும். கடனுக்கு விலை பேசுவதே இல்லை. இயற்கை அங்காடி நடத்துகிறவர் நமக்குத் தெரிந்தவர், நல்ல மனுஷர், அவரிடம் போய் வட்டி பேசுவதா என்று ஒரு கூச்சம். அந்தக் கூச்சத்துக்கு எவ்வளவு செலவாகிறது என்று பார்ப்போம்.

உங்களிடம் ஒரு டன் தூயமல்லி அரிசி இருக்கிறது என்று வையுங்கள். உள்ளூர் வியாபாரி கிலோ 62 ரூபாய் என்று இன்றைக்கே ரொக்கம் தருகிறார். நகரத்து அங்காடி 66 ரூபாய் தருகிறது, ஆனால் மூன்று மாதம் கழித்து. (உங்கள் ஊரில் விலை வேறாக இருக்கலாம், கணக்குப் போடும் முறை ஒன்றுதான்.) அங்கே 62,000, இங்கே 66,000. நாலாயிரம் கூட வருதே என்று அங்காடிக்கே அனுப்பிவிடுவோம்.

வீட்டில் நூத்துக்கு ரெண்டு வட்டியில் வாங்கிய கடன் நிற்கிறது என்றால் கதை வேறு. இன்றைக்கு 62,000 கைக்கு வந்திருந்தால் அந்தக் கடனில் அவ்வளவையும் அடைத்திருக்கலாம். அடைக்காததால் மாதம் 1,240 ரூபாய் வட்டி ஓடுகிறது. மூன்று மாதத்துக்கு 3,720. கூடுதலாக வரும் நாலாயிரத்தில் இதைக் கழித்தால் மிச்சம் 280 ரூபாய். நகரத்துக்கு ஏற்றி அனுப்புகிற வண்டி வாடகைக்கே அது காணாது.

பக்கத்து வயல்காரர் வங்கியில் நகையை வைத்து வருஷத்துக்கு 9 சதவீதத்தில் வாங்கியிருக்கிறார். நூத்துக்கு முக்கால் வட்டி. அவருக்கு மாதம் 465, மூன்று மாதத்துக்கு 1,395. நாலாயிரத்தில் 2,605 ரூபாய் மிச்சமாகிறது. அவர் தாராளமாக அங்காடிக்குக் கொடுக்கலாம். மூணு வட்டிக்கு வாங்கியவருக்கோ 5,580 ரூபாய் வட்டியிலேயே போகிறது. கிலோவுக்கு நாலு ரூபாய் கூட விற்றும் அவருக்கு 1,580 ரூபாய் நஷ்டம். அரிசியும் கடையும் விலையும் ஒன்றுதான், மூன்று வீட்டுக்கு மூன்று விடை வருகிறது. பின்னால் வரும் பணம் நமக்கு எவ்வளவு பெறும் என்பதை நம்ம வீட்டு வட்டிதான் தீர்மானிக்கிறது. ஆகவே "அவரு கொடுக்கிறாரே, நாமளும் கொடுப்போம்" என்று ஒருவரைப் பார்த்து இன்னொருவர் முடிவு செய்யக் கூடாது.

இதற்குப் பெரிய கணக்கெல்லாம் வேண்டாம். கூடுதலாகக் கிடைக்கும் தொகையை மாத வட்டியால் வகுத்தால் போதும். ரெண்டு வட்டிக்காரருக்கு 4,000-ஐ 1,240-ஆல் வகுக்க, மூன்று மாதமும் ஒரு வாரமும் வரும். அவர் பணம் அதற்கு மேல் காத்திருக்க முடியாது. முக்கால் வட்டிக்காரரின் பணம் எட்டரை மாதம் தாங்கும். மூணு வட்டிக்காரருடையது ரெண்டு மாதத்தைத் தாண்டிச் சில நாளிலேயே முடிந்துவிடும். எத்தனை மாதம் தாங்கும் என்று தெரிந்துகொண்டு பேசப் போனால், பேச்சே வேறு மாதிரி இருக்கும்.

ஏனென்றால் மூணு மாசம் என்று சொன்னது மூணு மாசத்தில் வருவதில்லை. இயற்கை அரிசி மெதுவாகத்தான் விற்கும், நடுவில் வண்டு வரும், சலித்துப் புடைத்து விற்க வேண்டும். அது ஆறு மாதமாகிவிட்டால் ரெண்டு வட்டிக்காரருக்கு வட்டியே 7,440 ரூபாய். 66,000-ஐ வாங்கும் அன்று, ரொக்கத்துக்குக் கொடுத்திருந்தால் இருந்திருக்கும் நிலையைவிட அவர் 3,440 ரூபாய் கீழே நிற்கிறார். கையில் வாங்குவது முழுத்தொகை என்பதால் இது கண்ணுக்கே தெரியாது. நஷ்டம் கடைக் கணக்கில் விழவில்லை, வட்டிக்காரர் நோட்டில் விழுந்திருக்கிறது.

"எனக்குக் கடனே இல்லை, காத்திருந்தா என்ன குறைஞ்சிடப் போகுது?" என்று சிலர் கேட்பார்கள். கடன் இல்லாதவர் கொடுத்து வைத்தவர்தான். ஆனாலும் பணத்துக்கு வேலை இருக்கிறது. நமக்கு உரக்கடைச் செலவு குறைவு, கூலிச் செலவு அதிகம். களையெடுக்க வந்தவர்களிடம் ரெண்டு மாசம் கழித்து வாங்கிக்கோங்க என்று சொல்ல முடியுமா? காசு இல்லையென்று களையெடுப்பைப் பதினைந்து நாள் தள்ளினால் நெல்லுக்குப் போக வேண்டியது களைக்குப் போகும். அந்த மகசூல் இழப்பும் காத்திருந்ததற்குக் கொடுத்த வட்டிதான். ரொக்கம் இருந்தால் புண்ணாக்கை விலை இறங்கியிருக்கும்போது வாங்கிப் போடலாம், இல்லாவிட்டால் தேவைப்படும் அன்று சொன்ன விலைக்குத்தான். இதெல்லாம் போக, கடையே மூடிவிட்டால் என்ன ஆகும் என்ற பயம் வேறு.

இந்த ஏற்பாட்டில் கடைக்காரருக்கும் லாபம் இல்லை என்பதுதான் எனக்கு வேடிக்கையாக இருக்கிறது. அவர் கடை வைத்திருப்பவர், வங்கியில் நூத்துக்கு ஒரு வட்டியில் கடன் வாங்க முடிகிறது என்று வைப்போம். வங்கியில் வாங்கி நமக்குக் கிலோவுக்கு 63 ரூபாய் 50 காசு என்று இன்றைக்கே 63,500 ரூபாய் தந்துவிட்டால், அவருக்கு மூன்று மாத வட்டி 1,905. மொத்தம் 65,405. நமக்குப் பின்னால் தருவதாகச் சொன்ன 66,000-ஐவிட அவருக்கே 595 ரூபாய் மிச்சம். நமக்கு உள்ளூர் வியாபாரி தருவதைவிட 1,500 கூட, அதுவும் கையில். ரெண்டு பேருக்கும் நல்லதாக இருக்கிற இந்த வழியை விட்டுவிட்டு, குறைந்த வட்டிக்குக் கடன் கிடைக்கிறவருக்கு அதிக வட்டி கட்டுகிறவர் கடன் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

வங்கி எனக்கும் தராது, நான் சின்னக் கடைதானே என்று அவர் சொன்னால் அது நியாயமான பதில். அப்போது பாதிப் பாதி கேட்கலாம். இன்றைக்கு 33,000, மூன்று மாதம் கழித்து 33,000. ரெண்டு வட்டிக்காரருக்கு ரொக்க விலையில் இன்றைக்குக் குறையும் 29,000-க்கு மட்டும் வட்டி ஓடும், மாதம் 580. ரொக்க விலைக்கு விற்பதைவிட இதில் அவருக்கு 2,260 ரூபாய் கூட நிற்கிறது. வண்டி வாடகை போனாலும் கையில் ஏதாவது தங்கும்.

வட்டி கேட்பது நம்ம வழக்கமில்லை என்பவர்களுக்குக் கரும்பைக் காட்டுகிறேன். 1966-ஆம் வருஷத்துக் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணை, கரும்பு கொடுத்த 14 நாளுக்குள் ஆலை பணம் தர வேண்டும் என்கிறது. தாமதமானால் வருஷத்துக்கு 15 சதவீத வட்டி. நூத்துக்கு ஒண்ணேகால். ரெண்டு வட்டிக்கு வாங்கிய கரும்பு விவசாயிக்கு அதுவும் காணாதுதான், பாக்கி வந்தால் போதும் என்று வட்டியைக் கேட்காமல் விட்டுவிடுகிறவர்களும் நம்மில் உண்டு. இருந்தாலும் தாமதத்துக்கு விலை உண்டு என்பதைச் சட்டமே ஒப்புக்கொண்டிருக்கிறது. அரிசிக்கும் பருப்புக்கும் நாட்டுச் சர்க்கரைக்கும் அப்படி ஓர் ஆணை இல்லை. அதனால் அதை நம்ம பில்லில் நாமே எழுத வேண்டியிருக்கிறது.

பில்லில் ரெண்டு விலை போடுங்கள். ரொக்கமென்றால் 63 ரூபாய் 50 காசு, மூன்று மாதக் கடனென்றால் 67 ரூபாய் 50 காசு என்று பக்கத்தில் பக்கத்தில் இருக்கட்டும். "மூணு மாசம்" என்று எழுதாமல் எந்தத் தேதி என்று எழுதுங்கள். அந்தத் தேதிக்குப் பிறகு மாதத்துக்கு இவ்வளவு கூடும் என்பதையும் அதற்குக் கீழேயே எழுதி, சரக்கு ஏற்றும்போதே கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். சரக்கு போன பிறகு கேட்டால் அது மனஸ்தாபமாகத்தான் போய் முடியும்.